காபி ஆவி படத்தில் தெரிய வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஏற்காட்டில் காபி வறுக்கும் ஒரு சின்னக் கடைக்குப் படம் எடுக்கிறேன், ஒரு யோசனை வேண்டும். பழைய மரப்பலகையில் காபிக்கொட்டைச் சாக்கு, பக்கத்தில் சூடான டம்ளர், பின்னால் கிழக்கு ஜன்னல். வறுக்கும் புகையில் காலை வெயில் பட்டு அந்த இடமே மஞ்சளாக மங்கி நிற்பது அவ்வளவு அழகு, அது படத்தில் கட்டாயம் வர வேண்டும். ஆனால் ஆவியும் வெளுப்பு, பின்னால் இருக்கும் மூட்டமும் வெளுப்பு, அதனால் டம்ளருக்கு மேல் ஒன்றுமே தெரிவதில்லை. சாக்கை டம்ளருக்கு நேர் பின்னால் நகர்த்தினால் பின்னணி இருட்டாகிறது, சரி, ஆனால் ஆவியை மின்ன வைக்கும் அந்தப் பின்வெயிலையும் சாக்கே மறைத்துவிடுகிறது. சாக்குக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் சின்ன ஃபிளாஷ் வைத்து ஆவிக்கு மட்டும் ஒளி கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெயிலின் நிறத்தோடு சேர அதற்கு ஆரஞ்சு ஜெல் போட வேண்டுமா? கடைக்காரர் ஞாயிறு காலை மறுபடி வறுக்கிறார், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.