புதுப்பிப்பு: எரிமலைக் கட்டுரைத் தமிழாக்கம், மேற்கோள் பிழை தீர்ந்தது

என் கேள்வி: “ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து அறிமுகத்தை மட்டும் தமிழாக்கினேன். மேற்கோள்களில் சிவப்புப் பிழை, தகவற்பெட்டியில் பாதி வரிகள் இல்லை. ஏன்?”

உதவியவர்களுக்கு நன்றி. பலித்தது முதலில் பதில் சொன்னவரின் யோசனைதான். அறிமுகத்தில் இருந்தது இப்படியான வெறும் சுட்டு:

```
<ref name="usgs" />
```

இதன் முழு விவரம் நான் இன்னும் தொடாத “வரலாறு” பகுதியில் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தின் மூலநிரலில் `name="usgs"` என்று தேடி, முழு மேற்கோளை எடுத்து முதல் இடத்தில் ஒட்டினேன். பிழை போய்விட்டது. வரலாற்றைச் சேர்க்கும்போது அங்கே சுட்டு மட்டும் போதும்.

தகவற்பெட்டியில் எல்லாவற்றையும் தமிழாக்கச் சொன்னவர் பாதி சரி. `elevation_m` போன்ற இடப்பக்கப் பெயர்களை மாற்றினால் வார்ப்புரு அவற்றை அடையாளம் காணாது; வரியே மறைந்துவிடும். வலப்பக்க மதிப்புகளைத்தான் தமிழாக்க வேண்டும். “உயரம்” என்ற தலைப்பு வார்ப்புருவிலிருந்தே வருகிறது.

படம் வரவில்லை என்று இடையில் கேட்டவருக்கு: அது பொதுவகத்தில் இல்லாமல் ஆங்கில விக்கியில் மட்டும் பதிவேற்றிய கோப்பா என்று பாருங்கள். அப்படியென்றால் இங்கே தெரியாது.

கலைச்சொல் சண்டை மட்டும் ஓயவில்லை. இப்போதைக்குக் ‘கால்டெரா’ என்றே எழுதி, வெடிப்புக்குப் பின் உச்சி உள்ளே சரிந்து உண்டான பெரும்பள்ளம் என்று அதே வாக்கியத்தில் விளக்கியிருக்கிறேன். பேச்சுப் பக்கத்தில் விவாதம் ஓடுகிறது.