தாத்தாவின் புதிய போன்: 'கோத்தகிரி குடும்பம்' குழுவில் ஒரு ஞாயிறு

மல்லிகா அத்தை: அப்பாவுக்குக் காலையிலிருந்து அடிக்கிறேன். மணி போகிறது, எடுக்கவே இல்லை. யாராவது வீட்டில் இருக்கிறீர்களா?

தீபா: அத்தை, தாத்தா நல்லாத்தான் இருக்கிறார். வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். புதுப் போனில் எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. பச்சை வட்டத்தைக் குத்திக்கொண்டே இருக்கிறார்.

மல்லிகா அத்தை: உயிரே போய் வந்தது

பெரியப்பா: அதற்குத்தான் சொன்னேன், பட்டன் போனே போதும் என்று. யாரைக் கேட்டு வாங்கினாய் சரவணா?

சரவணன் சித்தப்பா: பழையதில் 5 நம்பரும் 8 நம்பரும் அழுந்தவே இல்லை அண்ணா. நீங்கள் வந்து பார்த்திருந்தால் தெரியும்.

பெரியப்பா: சரி சரி

லோகு மாமா: எந்தப் பிளான் போட்டிருக்கிறீர்கள்? எனக்கு டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவரால் இப்போது வாட்ஸ்அப்பில் படிக்க முடியாது, அதனால் இங்கே போடுகிறேன். தீபா, பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் எடுத்து, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்த்தி:
அன்புள்ள தாத்தாவுக்கு,

கார்த்தி எழுதுகிறேன். இந்த முதல் வாரத்தில் நீங்கள் பழக வேண்டியவை இரண்டுதான்: வந்த போனை எடுப்பது, நீங்களாக ஒருவரை அழைப்பது. படம், வீடியோ, செய்தி எதையும் இந்த வாரம் தொட வேண்டாம். யார் காட்டிக் கொடுக்க வந்தாலும் "அடுத்த வாரம்" என்று சொல்லிவிடுங்கள்.

திங்களும் செவ்வாயும் எடுப்பது மட்டும். இரண்டு நாளும் பகல் பதினொன்றரைக்கு நான் அழைப்பேன். இங்கே அப்போது காலை ஏழு மணி, வேலைக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் நேரம். பதினொன்றேகாலுக்கே போனை மேசையில் வைத்துவிடுங்கள். திரை கறுப்பாக இருக்கட்டும்.

மணி அடிக்கும்போது திரை முழுவதும் என் படம் வரும். கீழே ஒரு வட்டம் இருக்கும். அதைக் குத்தினால் ஒன்றும் நடக்காது. உங்களைக் குழப்பியது இதுதான். விரலை வட்டத்தின் மேல் வைத்து, எடுக்காமல் மேலே இழுத்து, அப்புறம் விடுங்கள். ஒரு சாண் வேண்டாம், மூன்று விரல்கிடை போதும்.

இன்னொன்று. போன் விழித்திருக்கும்போது, நீங்கள் அதில் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது, அழைப்பு வந்தால் முழுத் திரையும் மாறாது. மேலே ஒரு பட்டை மட்டும் வரும், அதில் பச்சையும் சிவப்பும் இருக்கும். அங்கே இழுக்கக் கூடாது, பச்சையை ஒரு முறை தொட வேண்டும். இழுத்தால் பட்டை ஒதுங்கிவிடும், நான் இந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பேன். ஒரே அழைப்புக்கு இரண்டு முகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முழுத் திரை என்றால் இழுப்பது, பட்டை என்றால் தொடுவது. போனைக் கறுப்பாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான், முதல் இரண்டு நாள் ஒரு முகத்தை மட்டும் பழகினால் போதும்.

பக்கவாட்டுப் பொத்தானைத் தொடாதீர்கள். அதை அழுத்தினால் மணிச் சத்தம் நின்றுவிடும், அழைப்பு நிற்காது. நான் வைத்துவிட்டேன் என்று நினைத்து நீங்கள் போனைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

காதில் வைத்ததும் திரை அணைந்துவிடும். கட் ஆகவில்லை. கன்னம் பட்டு எதுவும் அழுந்தக் கூடாது என்று அது தானாக அணைவது. காதிலிருந்து எடுத்தால் மறுபடி வெளிச்சம் வரும், அப்போது சிவப்பைத் தொட்டு வைத்துவிடலாம். குல்லாய் போட்டிருந்தால் காதுப் பக்கத்தை மேலே ஏற்றிவிடுங்கள், அது திரையின் மேல் விளிம்பை மூடிக்கொண்டால் வெளிச்சம் வராது.

புதனும் வியாழனும் அழைப்பது. திரையில் தீபா மூன்று படம் வைத்திருப்பாள்: அத்தை, பெரியப்பா, சித்தப்பா. படத்தைத் தொட்டால் நேராக அவர்களுக்குப் போய்விடும். என் படத்தை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வழியில் என்னை அழைத்தால் வெளிநாட்டுக் கட்டணம் பிடித்துவிடும். நான் வாட்ஸ்அப்பில் அழைக்கிறேன், அதற்குக் காசு இல்லை.

தொடுவது எப்படி என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பார்த்து உடனே கையை எடுப்பீர்களே, அவ்வளவுதான். பழைய போனில் அழுத்தி அழுத்திப் பழகிவிட்டதால் விரல் திரையிலேயே தங்கிவிடுகிறது. தங்கினால் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ஏதோ பட்டியல் விரியும், படம் இடம் மாறும். அப்படி ஆனால் எதையும் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், அப்படியே வைத்துவிட்டுத் தீபாவைக் கூப்பிடுங்கள்.

தொட்டும் கேட்கவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். இந்தத் திரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரல் தொடும்போது உண்டாகும் சிறு மின் மாற்றத்தைத்தான் உணர்கிறது. குளிரில் காய்ந்து, தொழிற்சாலையில் காய்த்துப்போன விரல் அதற்குச் சரியாகத் தெரியாது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, விரல் நுனியை விட்டுச் சதைப்பகுதியால் தொடுங்கள். கம்பளிக் கையுறையோடு தொட்டால் கேட்காது.

வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை புதிதாக எதுவும் இல்லை. இதையே செய்யுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சார்ஜ் போடுங்கள், மேசை மேல்தான். தலையணைக்கு அடியிலும் கணப்பு அருகிலும் வைக்க வேண்டாம்.

யாராவது போனில் நம்பர் கேட்டாலோ, போலீஸ் என்று மிரட்டினாலோ, பேசாமல் வைத்துவிடுங்கள். பிறகு சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

பாட்டிக்கும் சேர்த்து அன்பு.
கார்த்தி

மல்லிகா அத்தை: 🙏🙏 ராசா

அம்மா: நன்றாக எழுதியிருக்கிறாய். மாமாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், அதையும் யாராவது பாருங்கள்.

பெரியப்பா: ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டால் வெடிக்கும். பேப்பரில் வந்திருக்கிறது.

கார்த்தி: பெரியப்பா, நிறைந்ததும் போன் தானாக நிறுத்திக்கொள்ளும். ஆனால் சூடு ஆகாது என்றில்லை, நீங்கள் பயப்படுவது அதனால் வீண் இல்லை. கம்பளிக்கு உள்ளே வைத்தால் சூடு வெளியே போகாது, அதுதான் ஆபத்து. தூங்கும் முன் பிடுங்கிவிட்டாலும் நல்லதே.

லோகு மாமா: ஜீவன் பிரமாண் நவம்பரில் கொடுக்க வேண்டும். இந்தப் போனில் முகத்தைக் காட்டினால் ஆகிவிடுமாமே?

சரவணன் சித்தப்பா: மச்சான், அது உங்களுக்கு. அப்பாவுக்குப் பென்ஷனே எங்கே இருக்கிறது? டீ தொழிற்சாலை.

லோகு மாமா: ஓ

தீபா: அண்ணா, ஒரு சந்தேகம். தொட்டு நிற்கிற பிரச்சினைக்கு ஏதோ செட்டிங் இருக்கிறது என்று சொன்னீர்களே?

கார்த்தி: ஆமாம். Settings-க்குள் Accessibility. அதில் Touch & hold delay என்று ஒன்று இருக்கும். சில போன்களில் அது இன்னும் ஒரு படி உள்ளே ஒளிந்திருக்கும், மேலே தேடும் இடத்தில் எழுதினால் வந்துவிடும். அதை Long என்று வை. தாத்தாவின் விரல் கொஞ்சம் தங்கினாலும் போன் அதைச் சாதாரணத் தொடலாகவே எடுத்துக்கொள்ளும். அப்படியே திரை அணையும் நேரத்தை இரண்டு நிமிடமாக்கு. 30 விநாடியில் அணைந்தால் கண்ணாடியைத் தேடிப் போடுவதற்குள் போய்விடும்.

தீபா: Long வைத்துவிட்டேன். இப்போது அத்தை அழையுங்கள், பார்ப்போம்.

மல்லிகா அத்தை: அழைக்கிறேன்

தீபா: எடுக்கவில்லை. குல்லாய் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டை வந்தது. அதைப் போய் மேலே இழுத்துவிட்டார்.

கார்த்தி: அதுதான் நான் சொன்ன இரண்டாவது முகம். போனைக் கறுப்பாக்கிக் கீழே வைக்கச் சொல். பிறகு அத்தை ஐந்து நிமிடம் கழித்து அழையுங்கள்.

பெரியப்பா: அந்தப் பக்கம் மழை எப்படி? மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்திருக்கிறது என்று ஒருவன் ஃபார்வர்டு பண்ணுகிறான்.

சரவணன் சித்தப்பா: அது பழைய படம். பஸ் ஓடுகிறது.

மல்லிகா அத்தை: அப்படியென்றால் தீபா விஷயமாக அடுத்த வாரம் வரலாமா?

தீபா: அத்தை 🙄 போனை அழையுங்கள்

மல்லிகா அத்தை: எடுத்துவிட்டார்!! "யாரு?" என்றார். நான் பேசினேன். "அங்கே மழையா" என்றார். அப்புறம் வைக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார், பாட்டி யாரிடமோ வெங்காய விலை பேசுவது வரைக்கும் கேட்டது.

கார்த்தி: 😂 காதிலிருந்து எடுத்திருக்க மாட்டார். நாளை சிவப்பைக் காட்டிக் கொடுக்கலாம்.

பெரியப்பா: லாக் போட்டிருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். அதனால்தான் எடுக்க முடியவில்லை.

கார்த்தி: இல்லை பெரியப்பா, வந்த அழைப்பை எடுக்க லாக் தடையில்லை, பூட்டியிருந்தாலும் இழுத்தால் பேசலாம். ஆனால் தாத்தா தானாக அழைக்க வேண்டுமென்றால் முதலில் லாக்கைத் திறக்க வேண்டும், அங்கே உங்கள் பேச்சு சரிதான்.

சரவணன் சித்தப்பா: கைரேகை வைத்தால் போகிறது.

தீபா: அப்பா, ரேஷன் கடை மெஷினிலேயே தாத்தா ரேகை விழாமல் திரும்பி வருகிறாரே.

அம்மா: அது உண்மைதான். எத்தனை வருஷம் இலையோடு வேலை.

பெரியப்பா: லாக் இல்லாமல் வைத்தால் தொலைந்தால் என்ன ஆகும்?

லோகு மாமா: பாங்க் ஆப்பே போடாமல் இருந்தால் திருடன் என்ன எடுப்பான்

சரவணன் சித்தப்பா: நான் போட்டுவிட்டேனே. தோட்டம் விற்ற பணத்துக்கு வட்டி வந்ததா என்று அவரே பார்க்கட்டும் என்று.

பெரியப்பா: அதை நீ எதற்குப் போட்டாய்? யாரைக் கேட்டாய்?

சரவணன் சித்தப்பா: அவர் பணம், அவர் பார்க்கிறார்.

பெரியப்பா: அந்தத் தோட்ட விஷயத்தை இங்கே எடுக்க வேண்டாம் என்று முன்பே பேசியாகிவிட்டது.

அம்மா: இரண்டு பேரும் போனில் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

கார்த்தி: சித்தப்பா, இந்த வாரம் மட்டும் அந்த ஆப்பை எடுத்துவையுங்கள். பாஸ்வேர்டு தெரியாமல் மூன்று தடவை தொட்டு அதுவே பூட்டிக்கொண்டால் தாத்தா போன் பக்கமே வரமாட்டார். தவிர யாராவது ஓடிபி கேட்டு அழைத்தால் சமாளிக்க அவர் இன்னும் பழகவில்லை. ஏமாந்தது தெரிந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும், அந்த நம்பரைக் கடிதத்தின் அடியில் எழுதிவிடு தீபா.

சரவணன் சித்தப்பா: பார்க்கிறேன்

மல்லிகா அத்தை: பார்க்கிறேன் என்றால் எடுப்பாயா மாட்டாயா

சரவணன் சித்தப்பா: பார்க்கிறேன் என்றேன் அக்கா

தீபா: ஜெராக்ஸ் கடை இன்று ஞாயிறு, மூடியிருக்கும். நாளை காலையில் எடுக்கிறேன். லேமினேஷன் வேண்டுமா? ஈரத்தில் பேப்பர் சுருண்டுவிடும்.

அம்மா: போடு. காசு நான் தருகிறேன்.

பெரியப்பா: எழுத்து எவ்வளவு பெரிசு?

தீபா: 24. மூன்று பக்கம் வரும் போல. தாத்தா சொல்கிறார், "திங்கட்கிழமைப் பக்கத்தை மட்டும் முதலில் கொடு" என்று.

கார்த்தி: சரிதான், அப்படியே செய். பதினொன்றரைக்கு அழைக்கிறேன். தீபா, அப்போது நீ பக்கத்தில் நில், ஆனால் கையைக் கொடுக்காதே.

லோகு மாமா: டேட்டா பிளான் யாரும் சொல்லவில்லை