தலையில் செதில் இருக்கும்போது டை அடித்தவர்கள் உண்டா?

கோபிச்செட்டிபாளையம், இல்லத்தரசி:
எங்க அண்ணனுக்குத் தலையில் சோரியாசிஸ். மகள் கல்யாணத்துக்கு முன்னால் நரையை மறைத்தாக வேண்டும் என்று நின்றார். காதுக்குப் பின்னால் வெள்ளையாகச் செதில் தடித்து, சொறிந்த இடத்தில் ரத்தம் புள்ளி புள்ளியாக நின்றது. வெடிப்பும் கசிவும் ஆறும்வரை டையைத் தொடக்கூடாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். அவர் எழுதிக் கொடுத்த சாலிசிலிக் ஆசிட் லோஷனைத் தடவி ஊறவிட்டு அலச அலச, செதில் தானாக இளகி வந்தது. சீப்பால் பெயர்க்கவே விடவில்லை. இந்த நோயில் காயம் பட்ட இடத்திலேயே புதுத் திட்டு கிளம்புமாம். சிவப்பு மங்கி, தண்ணீர் பட்டால் எரியாத நிலை வந்த பிறகுதான் டை பேச்சே எடுத்தோம்.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு வைத்திருப்பவர்:
அம்மோனியா இல்லாத டையாகப் பார்த்து வாங்குங்க, பயமே இல்லை. எனக்குப் பொடுகு உண்டு, துளி எரிச்சல் வந்ததில்லை.

திருப்பூர், பார்லர் நடத்துபவர்:
அண்ணா, நெடியும் எரிச்சலும் குறையும், அதுவரைக்கும் நீங்க சொல்வது சரிதாங்க. ஆனால் அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் டையில் கறுப்பு நிறம் தரும் பிபிடி என்கிற கெமிக்கல். அம்மோனியா இல்லாத டப்பாவிலும் அது இருக்கலாம். கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடியிலும் இருக்கும். வெறும் மருதாணி இலை நரையைச் செம்பட்டையாகத்தான் ஆக்கும். நரை ஒரே தடவையில் கருகருவென்று ஆனால் உள்ளே வேறேதோ சேர்ந்திருக்கிறது.

அதனால் கலந்த டையை முழங்கை உள்மடிப்பில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்க. ஸ்டீராய்டு மருந்து போடும் இடத்தில் தடவாதீங்க, அது அலர்ஜியை அமுக்கிவிடும். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த டையை விட்டுவிடுங்க. வரவில்லையென்றால், டை போடும் நாளில் தலைக்கு ஊற்ற வேண்டாம். தோலின் எண்ணெய்ப் பசை கொஞ்சம் காப்பாற்றும். நெற்றியோரமும் காது மடலும் வாசலைன். தோலில் படாமல் வேரை விட்டுச் சற்றுத் தள்ளியே பிரஷ் ஓட வேண்டும். வேரோரம் லேசாக நரை தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஈரோடு, ஜவுளிக்கடை ஊழியர்:
என் பையனுக்கு மாவு மாதிரி பொடுகு கொட்டுகிறது. டை அடித்தால் நின்றுவிடுமா?

திருப்பூர், பார்லர் நடத்துபவர்:
நிற்காதுங்க. கீட்டோகொனசோல் ஷாம்பூவைத் தலையில் 5 நிமிடம் வைத்து அலசச் சொல்லுங்க, வாரம் இரண்டு தடவை. கலரெல்லாம் அப்புறம்.

பெருந்துறை, கல்லூரி மாணவி:
எங்கம்மாவுக்கு எக்ஸிமா. டை போட்ட அன்று ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் கண் இமை வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. முந்தின நாள் சாப்பிட்ட கத்திரிக்காய்தான் காரணம் என்று பாட்டி சொன்னார். டாக்டர் காதோரம் நீர் கோத்த கொப்புளத்தைப் பார்த்ததுமே டை போட்டீர்களா என்றுதான் கேட்டார். இனி அந்த வகை டை வாழ்நாளுக்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

கோபிச்செட்டிபாளையம், இல்லத்தரசி:
அண்ணனுக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஒரு சந்தேகம்: டை போட்ட பிறகு தார் ஷாம்பூவை எப்போது திரும்பத் தொடங்கினீர்கள்? கலர் போய்விடும் என்று அவர் தள்ளிப்போடுகிறார், செதில் மறுபடி எட்டிப் பார்க்கிறது.