யுகே கிராஜுவேட் விசா: டிசம்பர் 31க்குள் விண்ணப்பிக்க வழி உண்டா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். தம்பி இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிப்பைச் செப்டம்பர் 2026-ல் முடித்துவிட்டான். மாணவர் விசா ஜனவரி கடைசி வரை இருக்கிறது. ஆனால் டிசம்பர் 31, 2026க்குள் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பித்தால் இரண்டு வருடம், ஜனவரி 1 முதல் என்றால் பதினெட்டே மாதம். பிஎச்.டி.க்கு மட்டும் மூன்று வருடம் அப்படியே இருக்கிறது.

படிப்பை வெற்றிகரமாக முடித்ததாகப் பல்கலைக்கழகம் ஹோம் ஆபீஸுக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். தேர்வுக்குழு கூடுவதோ ஜனவரியில்.

துறைக்கு மின்னஞ்சல் அனுப்பினான், "காத்திருங்கள்" என்றார்கள். இங்கே ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சியில் கேட்டால், பட்டமளிப்புச் சான்றிதழ் வரட்டும் என்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை! ஏற்காட்டில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். விண்ணப்பித்துவிட்டு முடிவு வருமுன் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பமே ரத்தாகிவிடும்.

மதிப்பெண்ணை முன்கூட்டியே உறுதிசெய்து ஹோம் ஆபீஸுக்குத் தெரிவிக்கச் சொல்லி யாராவது சாதித்திருக்கிறீர்களா, பல்கலைக்கழகத்தில் எந்தப் பிரிவை அணுகினீர்கள்?