உதவி: கீப்ல இருந்து ஷீட்டுக்கு ஏத்துன யோசனைகள்ல 'முடிஞ்சுது' வாராவாரம் இடம் மாறுது

கோபி வாய்க்கால்:
வணக்கமுங்க. மஞ்சள், மாடு, ஊர்ச் சந்தைன்னு பதிவு எழுதறேன். தோணுறதைக் கூகுள் கீப்ல ஒரே குறிப்புல வரிவரியா போட்டுக்குவேன். ஞாயித்துக்கிழமை அதை ஷீட்ஸ்ல 'கூடை'ங்கற தாள்ல ஒட்டி மார்க் போடுவேன். A யோசனை, B தேதி, C மார்க். 'வரிசை'ங்கற தாளோட A2-ல இது இருக்குது:

```
=SORT('கூடை'!A2:C,3,FALSE)
```

வரிசையில D-ல மட்டும் 'பாதி', 'முடிஞ்சுது'ன்னு கையில அடிப்பேன். புதுசா ஒட்டினதும் அது வேற யோசனை பக்கத்துல போய் நிக்குது. இப்ப தொடவே தொடாத 'அந்தியூர் குதிரைச் சந்தை' முடிஞ்சதா காட்டுதுங்க. இன்னொண்ணு, சில வாரம் ஒட்டுனா மொத்த வரியும் ஒரே கட்டத்துல விழுந்துடுது. போன்ல ஏதாச்சும் கோளாறுங்களா?

ஆழியாறு:
ஃபேஸ்புக்லயே நேரம் குறிச்சு வெச்சா தானா போயிடுமே, எதுக்குங்க ஷீட்டெல்லாம்? நான் காலைல ஆறு மணிக்கு வெச்சுடுவேன்.

கோபி வாய்க்கால்:
அது எழுதி முடிச்சதுக்குங்க. என்னுது இன்னும் எழுதாத யோசனை.

திருப்பூர் பின்னல்:
SORT-தான் கோளாறு. கீப்பையும் விட்டுடுங்க. ஒரு கூகுள் ஃபார்ம் பண்ணி முகப்புத் திரையில வெச்சுக்குங்க. அனுப்புனா நேரா ஷீட்ல தேதியோட விழும். D-யைப் பூட்டிப்போட்டா நகராது.

பவானிக்கரை:
SORT வரைக்கும் சரிங்க. D-யைப் பூட்டி என்ன பண்றது? நகர்றது D இல்லையே. A முதல் C வரைக்கும் சூத்திரம் காட்டறது, D நீங்க அடிச்சது. அதிக மார்க்கோட புதுசு ஒண்ணு நடுவுல நுழைஞ்சா கீழ இருக்கற A, B, C ஒரு வரி இறங்கும், D நின்ன இடத்துலயே நிக்கும். சந்தேகம்னா வரிசையில A5-ல ஏதாச்சும் அடிங்க. A2-ல #REF! வந்து பட்டியலே மறைஞ்சுடும். அடிச்சதை அழிச்சா திரும்பிடும்.

மீட்கறதுக்குக் கம்ப்யூட்டர்ல உக்காருங்க தம்பி. File → Version history → See version history. கடைசியா ஒட்டறதுக்கு முந்தின பதிப்புல D சரியா இருக்குதான்னு பாத்துட்டு, பக்கத்து மூணு புள்ளியில Make a copy குடுங்க. Restore வேண்டாம், அப்புறம் ஒட்டுனதெல்லாம் போயிடும். நகல்ல A முதல் D வரை காப்பி பண்ணி, உங்க ஷீட்ல புதுத் தாள் திறந்து Ctrl+Shift+V போடுங்க. சூத்திரம் வராது, எழுத்து மட்டும் வரும். இனி அதுதான் வரிசை.

அதுக்கப்புறம் வாராவாரம் கூடையில தேறினதை மட்டும் வெட்டி வரிசையோட அடியில ஒட்டுங்க. அடுக்கும்போது தலைப்பை விட்டுட்டு A முதல் D வரை முழுசா தேர்ந்து Data → Sort range → Advanced range sorting options, அதுல Column C, Z → A குடுங்க. C-யை மட்டும் தேர்ந்து அடுக்குனா மறுபடியும் இதே கூத்துதான்.

ஒரே கட்டம் எப்படின்னா, ரெட்டைத் தட்டு தட்டிக் கட்டத்துக்குள்ள போயிட்டு ஒட்டறீங்க. ஒரு தட்டு தட்டிக் கட்டத்தைத் தேர்ந்துட்டு ஒட்டுனா வரிக்கொரு கட்டமா இறங்கும்.

கோபி வாய்க்கால்:
#REF! வந்துச்சுங்க அக்கா, அழிச்சதும் சரியாயிடுச்சு. மீட்டும் எடுத்தாச்சு. ஒட்டினதும் கீப் குறிப்பை அழிச்சடலாங்களா?

பவானிக்கரை:
அழிக்காதீங்க, Archive பண்ணீட்டுப் புதுக் குறிப்பு தொடங்குங்க. கீப் குப்பையில 7 நாள்தான் இருக்கும். ஒட்டும்போது விட்டுப்போன வரி ரெண்டு வாரம் கழிச்சு ஞாபகம் வந்தா எடுக்க முடியாது.

அந்தியூர்ச் சந்தை வரிசையிலயே இருக்கக் கூடாதுங்க. குருநாதசாமி கோயில் திருவிழா ஆடியில. அதுவரைக்கும் வாராவாரம் அதுக்கு மார்க் போட்டுப் போட்டு அலுத்து ஒருநாள் தூக்கிப் போட்டுருவீங்க. 'காலம்'னு ஒரு தாள்ல 'ஜூன் 15'னு எடுக்க வேண்டிய தேதியோட போட்டுட்டு, மாசத்துல முதல் ஞாயிறு மட்டும் அதைத் திறங்க. வரிசையில எட்டுக்கு மேல வெக்க மாட்டேன். ஒன்பதாவது வந்தா ஒண்ணு கூடைக்குத் திரும்பணும்.

குறிக்கும்போதே கேள்வியா எழுதுங்க. 'மஞ்சள் பாலிஷ்'னு மட்டும் இருந்தா ஞாயித்துக்கிழமை ஒண்ணும் விளங்காது. 'வேகவெச்ச மஞ்சள் காஞ்சு போச்சுன்னு பாலிஷ் போடறதுக்கு முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்கறது?'ன்னு இருந்தா மார்க் போட ஒரு நிமிஷம் ஆகாது.

திருப்பூர் பின்னல்:
பூட்டற விசயம் விடுங்க. ஆனா மொத்தமா ஒட்டுனா எந்த வரி எந்த நாள்னு தெரியாதே? ஃபார்ம்ல அந்தத் தொல்லை இல்லையே.

பவானிக்கரை:
அது வாஸ்தவம். ஆனா திம்பம் ஏறும்போது சிக்னல் போயிட்டா ஃபார்ம் அனுப்பாது. கீப் போன்லயே வெச்சிருந்து அப்புறமா ஏத்திக்கும். வரி தொடக்கத்துல '12 மார்ச்'னு கையிலதான் அடிக்கணும்.

திருப்பூர் பின்னல்:
எத்தனை பேர் மறக்காம அடிப்பாங்க? எனக்கென்னவோ ஃபார்ம்தான்.