உடன்படிக்கைச் சட்டத்தில் ‘ரிசர்வேஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மீனாட்சி: ‘ஒதுக்கீடு’ என்றால் படிப்பவருக்கு இட ஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். ‘விலக்குரை’ பொருந்துமா? இந்தப் பிரிவு என்னைக் கட்டாது என்று ஒரு நாடு சேரும்போதே சொல்வது.

சண்முகம்: நில எடுப்பு இழப்பீட்டை ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதித்தான் நாங்கள் வாங்கினோம். அதே சங்கதிதானே? ‘ஆட்சேபணை ஏற்பு’ எனலாம்.

யோகன்: அது வேறு, ஐயா. நீங்கள் கூடுதலாகக் கேட்கும் உரிமையைக் காத்துக்கொண்டீர்கள். இங்கே சேரும் நாடு தன் கடமையைக் குறைத்துக்கொள்கிறது. ஆட்சேபிப்பவை மற்ற நாடுகள். அந்தச் சொல் அவர்களுக்கே இருக்கட்டும்.

‘விலக்குரை’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நாடுகள் விலக்குவதோடு நிற்பதில்லை, பிரிவின் விளைவை மாற்றவும் செய்கின்றன. ‘வரம்புரை’ இரண்டையும் தாங்கும்.

ரஃபீக்: இந்தியா பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை 1993இல் ஏற்றபோது திருமணப் பிரிவுக்குக் கொடுத்தது ‘அறிவிப்பு’தானே? அதை வரம்புரை என்பது தவறு.

யோகன்: இந்தியா அப்படித்தான் பெயரிட்டது. எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரங்களிலும் அதன் முன்முயற்சியும் சம்மதமும் இல்லாமல் தலையிடாத கொள்கைக்கு இணங்கவே 5(அ), 16(1) உறுப்புகளை நடைமுறைப்படுத்துவோம் என்றது. ஆனால் உடன்படிக்கைகளுக்கே விதி வகுக்கும் 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை பெயரைப் பார்ப்பதில்லை, விளைவைத்தான் பார்க்கிறது. நெதர்லாந்து 1994இல் இதை ரிசர்வேஷனாகவே எடுத்துக்கொண்டு, உடன்படிக்கையின் இலக்குக்கும் நோக்கத்துக்கும் ஒவ்வாதது என்று ஆட்சேபித்தது. பெண்கள் உடன்படிக்கையின் 28(2) உறுப்பு அப்படி ஒவ்வாதவற்றைத் தடுக்கிறது. எது ஒவ்வாதது என்று உடனே தீர்ப்புச் சொல்ல அமைப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தானே மதிப்பிடுகிறது.

ரஃபீக்: ஆட்சேபித்தால் அவ்விரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கையே இல்லாமல் போகும். அப்படியானால் ‘மறுப்பு’ என்றே சொல்லலாமே.

யோகன்: பாதி சரி. ஆட்சேபிக்கும் நாடு அந்த எண்ணத்தைத் திட்டவட்டமாகச் சொன்னால் மட்டுமே அப்படி ஆகும். இனப்படுகொலை உடன்படிக்கையில் அமெரிக்காவைத் தரப்பாகக் கருதவில்லை என்று நெதர்லாந்து சொன்னது. இந்தியா விஷயத்திலோ, ஆட்சேபம் இருந்தாலும் நமக்கிடையே உடன்படிக்கை நடைமுறையில் இருக்கும் என்றது. வியன்னா விதிப்படி பொதுவாக, ஆட்சேபிக்கப்பட்ட பகுதி மட்டும் அவ்விருவருக்கிடையே பொருந்தாது. ஆகவே ‘மறுப்பு’ மிகைதான், ‘எதிர்ப்புரை’ போதும்.

காலக்கெடுவும் உண்டு. ரிசர்வேஷன் பற்றிய தகவல் கிடைத்ததிலிருந்து 12 மாதம், அல்லது தான் சேரும் நாள்வரை, இதில் எது பின்னோ அதற்குள் ஆட்சேபிக்காத நாடு ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும்.

மீனாட்சி: அப்படியானால் ஆட்சேபித்தாலும் விலக்கியவருக்கு விலக்கியது கிடைத்துவிடுகிறதே!

யோகன்: ஆம், மனித உரிமை உடன்படிக்கைகளில் இதுதான் பெரிய ஓட்டை. வணிகம் போன்றவற்றில் எதிர்த்தரப்பும் பதிலுக்கு அதே கடமையைக் கைவிடலாம். இந்தியப் பெண்ணின் திருமண உரிமைக்குப் பதிலாக நெதர்லாந்து எதைக் கைவிடும்? அதனால்தான் சுவீடன் போன்ற நாடுகள் சில ஆட்சேபங்களில், ‘அந்த வரம்பின் பலனைப் பெறாமலேயே’ உடன்படிக்கை முழுவதும் பொருந்தும் என்று எழுதுகின்றன. இது செல்லுமா என்பதில் நாடுகளிடையே ஒத்த கருத்து இல்லை.

மீனாட்சி: செல்லாததை வெட்டிவிட்டு மீதியை நிறுத்தும் அந்த முறைக்கு ‘பிரித்தொதுக்கல்’?

ரஃபீக்: மறுபடி ‘ஒதுக்கல்’ வேண்டாம். ‘வரம்பு நீக்கிய ஏற்பு’ என்று பார்ப்போம். ‘வரம்புரை’யும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை, நான் ‘விலக்குரை’ பக்கம்தான்.