டீக்கடை மாதக் கணக்கு: நாளைக்கு எத்தனை டீ போனால் கையைக் கடிக்காது?

ஈரோடு டீக்கடை
பேருந்து நிறுத்தத்தை ஒட்டிச் சின்னக் கடை. ஞாயிறு விடுமுறை, மாதம் 26 நாள் வியாபாரம். போன மாத நோட்டைக் கூட்டினால் விற்பனை 97,000 ரூபாயை ஒட்டி வருகிறது. நாளைக்கு 210 டீ, 12 ரூபாய் வீதம். வடை, பஜ்ஜி 120 போகும். வெளியே 8 ரூபாய்க்கு வாங்கி 10 ரூபாய்க்கு விற்கிறேன். வாடகை 9,000, மாஸ்டர் சம்பளம் 18,000, கரண்ட், தண்ணீர் கேன், சில்லறைச் செலவு 3,000. சிலிண்டர் நாலு, 7,600. இவ்வளவு ஓடியும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கடை நட்டத்தில் போகிறதா? இப்படிக் கணக்குப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பெட்டிக்கடை அண்ணாச்சி
தம்பி, அட்வான்ஸ், பெஞ்ச், ஃப்ரிட்ஜ் என்று நான் போட்ட முதல் திரும்பவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் லாபத்தைத் தேடாதீர்கள்.

கணக்கு எழுதுகிறவன்
அண்ணாச்சி சொல்வது போட்ட முதல் எப்போது திரும்பும் என்கிற கணக்கு. கடைக்காரர் கேட்பது இந்த மாதச் செலவை இந்த மாத வியாபாரம் தாங்குகிறதா என்று. நான் சில டீக்கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எல்லா இடத்திலும் விற்பனைத் தொகையைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் கேட்பது ஒரு டீயில் என்ன நிற்கிறது என்பதை. அண்ணே, லிட்டர் பாலில் எத்தனை டீ போடுகிறீர்கள்? பால் என்ன விலை?

ஈரோடு டீக்கடை
12, 13 டீ வரும். பால் 50 ரூபாய். ராத்திரி மிஞ்சினால் வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

கணக்கு எழுதுகிறவன்
அப்படியானால் பால் 4 ரூபாய். தூள் 1 ரூபாய், சர்க்கரை 50 காசு, மிஞ்சுகிற பாலுக்கு 30 காசு வைப்போம். அடுத்தது கேஸ். இதில்தான் பலரும் இடறுகிறார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் காலை 5 மணியிலிருந்து பாய்லர் எரிகிறது. வியாபாரம் பாதியாகக் குறைந்த மாதம் ஏதாவது இருந்தால் அப்போது எத்தனை சிலிண்டர் என்று பாருங்கள்.

ஈரோடு டீக்கடை
மே மாதம் பக்கத்துக் கல்லூரி லீவு. டீ, பலகாரம் எல்லாமே ஏறக்குறைய பாதிதான். சிலிண்டர் மூன்று ஆனது.

கணக்கு எழுதுகிறவன்
பாதி வியாபாரம் குறைந்ததற்கு ஒரு சிலிண்டர்தான் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் முழு வியாபாரத்தில் இரண்டு சிலிண்டர் டீக்காக எரிகிறது, மற்ற இரண்டு வாடகை மாதிரி, கடை திறந்தாலே போய்விடும். டீக்கான கேஸ் 70 காசு. மொத்தம் 6.50 ஆகிறது, 12 ரூபாயில் 5.50 நிற்கிறது.

நிலையான செலவு 30,000, அதோடு இரண்டு சிலிண்டர் 3,800. பலகாரத்தில் நாளைக்கு 240, மாதம் 6,240 வருகிறது. மிச்சம் 27,560 ரூபாயை டீதான் சுமக்க வேண்டும். 5.50 ஆல் வகுத்தால் 5,011 டீ, நாளைக்கு 193. நீங்கள் 210 விற்கிறீர்கள். நட்டம் இல்லை, மாதம் 2,400 ரூபாயை ஒட்டி நிற்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் உங்களுக்குக் கூலியே இல்லை அண்ணே. காலை 5 மணி முதல் ராத்திரி வரை நிற்கிற ஆளுக்கு மாதம் 15,000 வைத்தால் நாளைக்கு 298 டீ போக வேண்டும்.

மதுரைக்காரன்
இதற்கு எதற்கு இவ்வளவு கணக்கு? 15 ரூபாய் ஆக்குங்கள். சென்னையில் 2025 செப்டம்பரில் 12 இருந்தது 15 ஆனதே.

கணக்கு எழுதுகிறவன்
பாதி சரி. டீக்கு 8.50 நிற்கும், அப்போது உங்கள் கூலியையும் சேர்த்து 193 டீ போதும். 17 டீ குறைந்தாலும் தாங்கும். ஆனால் டீக்கு வராதவர் வடையும் வாங்க மாட்டார். பலகாரத்தில் 20 குறைந்தால் மாதம் 1,040 போகிறது, அதை ஈடுகட்ட நாளைக்கு இன்னும் 5 டீ வேண்டும். ஊரே சேர்ந்து ஏற்றுவதும் ஒரு கடை மட்டும் ஏற்றுவதும் ஒன்றல்ல.

ஈரோடு டீக்கடை
எதிர்க்கடையில் 12 தான். அவர் ஏற்றாமல் நான் ஏற்றினால் பஸ் டிரைவர்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

மெஸ் நடத்தும் அக்கா
தம்பி, நோட்டில் எழுதுகிற விற்பனையில் கடன் எவ்வளவு? என் மெஸ்ஸில் கணக்கு லாபம் காட்டும், கல்லாவில் காசு இருக்காது. வாரக் கடன் வாங்கிய பையன்கள் சொல்லாமல் ஊர் மாறிப் போனார்கள். வராத காசை விற்பனையில் வைத்துப் பார்த்தால் அந்த 193 பொய்யாகிவிடும்.

ஈரோடு டீக்கடை
பக்கத்துப் பட்டறைக்குத் தினமும் 25 டீ கடனில் போகிறது அக்கா. சனிக்கிழமை தருவார்கள், சில வாரம் பாதிதான். அதைத் தனியே எழுதியதில்லை, 210க்குள் தான் இருக்கிறது. இன்னொன்று, ராத்திரி 8 மணிக்கு மேல் 15 டீகூடப் போவதில்லை. அப்போது மூடிவிடலாமா?

கணக்கு எழுதுகிறவன்
மூடினாலும் வாடகை குறையாது, மாஸ்டர் சம்பளமும் அதேதான். 15 டீயில் 80 ரூபாய் நிற்கிறது. அந்த ஒன்றரை மணி நேரம் பாய்லர் எரிவதற்கு அதைவிடக் குறைவாக ஆனால் திறந்து வைப்பதே மேல். சிலிண்டர் மாற்றுகிற தேதியைக் குறித்துக்கொண்டு ஒரு மாதம் சீக்கிரம் மூடிப் பாருங்கள், எத்தனை நாள் கூடுதலாக வருகிறதென்று தெரியும்.